மேல் வீட்டுத் தம்பிக்கு

தம்பி, வணக்கம். நேரில் சொல்லத்தான் இரண்டு தடவை மேலே வந்தேன், வீடு பூட்டியிருந்தது. அதனால்தான் இந்தச் சீட்டு.

ராத்திரி பதினொன்றரை, பன்னிரண்டு வரைக்கும் உங்கள் வீட்டில் பாட்டு ஓடுகிறது. பாட்டைக் குறை சொல்லவில்லை, சாயங்காலம் நீங்கள் போடும் பழைய பாட்டுகளை நானும் அடுப்படியில் நின்று கேட்பேன். ஆனால் ராத்திரியில் அந்த 'தம் தம்' சத்தம் தளத்தின் வழியே அப்படியே இறங்குகிறது. நேற்று அலமாரியில் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் கிணுகிணுவென்று ஆடின.

மகளுக்கு ப்ளஸ் டூ பரீட்சை நடக்கிறது. காலை நாலரைக்கு எழுந்து படிக்கிறாள். மாமியாருக்கும் ஒருமுறை தூக்கம் கலைந்தால் அப்புறம் விடியும் வரை உட்கார்ந்தேதான் இருப்பார்கள்.

பத்து மணிக்கு மேல் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள முடியுமா? ஸ்பீக்கர் தரையில் இருந்தால், ஒரு மேஜை மேல் கனமான துணி போட்டு வைத்தால் அதிர்வு கொஞ்சம் குறையலாம். வீட்டில் விசேஷம் ஏதாவது என்றால் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லுங்கள், சமாளித்துக்கொள்கிறோம்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வாருங்கள்.

அன்புடன்,
கீழ் வீட்டு அக்கா