பொதுக்கருத்தும் உடந்தையும்: கும்பல் தாக்குதலில் மரணம் நேர்ந்தால் யார் எந்தக் குற்றத்துக்குப் பொறுப்பு? (மாதிரி விடை)

வினா

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் ராஜன். பால்வெட்டுத் தொழிலாளி சதீஷ் முன்பணம் வாங்கிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டதில் அவருக்கு ஆத்திரம். 2024 ஆகஸ்டில் ஒரு நாள் அனிஷ், ஜெபின், வினு மூவரையும் தக்கலையில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்து, "அவனுக்க காலை உடையுங்கல, ஒரு மாசம் எழும்பப்பிடாது" என்று சொல்லி, இரு விரல் பருமனுள்ள இரண்டு ரப்பர் மரக் கம்புகளைக் கொடுத்தார். ராஜன் வீட்டிலேயே இருந்துகொண்டார். பணம் வசூலிக்கப் போவதாக மட்டும் சொல்லி, சுகு என்பவரின் ஆட்டோவில் மூவரும் சென்றனர். டீக்கடை முன்பு வினு சதீஷைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, அனிஷும் ஜெபினும் கம்பால் அடித்தனர். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. திடீரென்று ஜெபின் இடுப்பில் மறைத்து வைத்திருந்த கத்தியை எடுத்துத் தோளில் குத்தினான். வினு, "லே, விடுல! என்னத்தல செய்யுத?" என்று கத்திப் பிடியை விட்டு விலகினான். கீழே விழப்போன சதீஷின் கையைப் பிடித்து நிறுத்திய அனிஷ், "போவ விடாத, குத்துல" என்றான். ஜெபின் இடது மார்பில் ஆழமாகக் குத்தினான். சதீஷ் இறந்தார். தோள் காயம் உயிருக்கு ஆபத்தானதல்ல, மார்புக் காயம் மட்டுமே இயற்கையான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானது என்பது பிரேதப் பரிசோதனை மருத்துவரின் சாட்சியம். நடந்ததைப் பார்த்த சுகு, கத்தியோடு வந்த ஜெபினையும் அனிஷையும் போலீஸிடம் சிக்காமல் தப்பிக்கவைக்க மார்த்தாண்டம் வரை கொண்டுபோய் விட்டான். ஐவரின் குற்றப் பொறுப்பை ஆராய்க.

விடை

சம்பவம் 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தது. எனவே பாரதிய நியாய சன்ஹிதாதான் பொருந்தும். பழைய தண்டனைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு இப்போது 3(5). 149 இப்போது 190. தீர்ப்புகள் பழைய எண்களில் இருந்தாலும் அவற்றின் கோட்பாடு மாறவில்லை.

எதிரிகள் ஐந்து பேர் என்றதும் சட்டவிரோதக் கூட்டம் என்று 190-க்குத் தாவிவிடக் கூடாது. 189-இன்படி ஐந்து பேராவது ஒரே பொது நோக்கத்தோடு கூடியிருக்க வேண்டும். ராஜன் அங்கே இல்லை. சுகுவுக்கு அடிக்கும் திட்டமே தெரியாது. மிஞ்சுவது மூன்று பேர். ஆகவே 190 இங்கே இல்லை. 3(5)-உம் உடந்தைப் பிரிவுகளும்தான் வழி. வினாவில் ஐந்து பெயர்கள் இருப்பதே இதற்கு வைத்த பொறி என்று நினைக்கிறேன்.

3(5) தனிக் குற்றம் எதையும் உருவாக்குவதில்லை. பலர் சேர்ந்து, அனைவரின் பொதுக்கருத்தை நிறைவேற்ற ஒரு குற்றச் செயலைச் செய்தால், ஒவ்வொருவரும் தான் மட்டுமே அதைச் செய்ததுபோலப் பொறுப்பாவார் என்கிறது. வேண்டியவை இரண்டு: பொதுக்கருத்து, செயலில் ஏதோ ஒரு பங்கேற்பு. பங்கேற்பு என்றால் அடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. பரேந்திர குமார் கோஷ் வழக்கில் (1925) தபால் அலுவலகத்துக்கு வெளியே காவல் நின்றேன் என்றவரும், உள்ளே போஸ்ட்மாஸ்டரைச் சுட்டதற்குப் பொறுப்பானார். ராமசாமி அய்யங்கார் எதிர் தமிழ்நாடு அரசு (1976) வழக்கிலும், திட்டம் நிறைவேற உதவும் விதமாக உடனிருப்பதே பங்கேற்பு ஆகலாம் என்றது உச்ச நீதிமன்றம்.

ஆனால் கருத்து 'பொது'வாக இருக்க வேண்டும். பலருக்கும் ஒரே மாதிரி எண்ணம் தனித்தனியே இருந்தால் அது போதாது. மஹ்பூப் ஷா வழக்கில் (1945) சிந்து நதிக்கரையில் நாணல் வெட்டியது தொடர்பான தகராறில் இருவர் துப்பாக்கியோடு வந்தார்கள். ஒருவர் சுட்டதில் ஆள் இறந்தார், மற்றவர் சுட்டதில் இன்னொருவர் காயப்பட்டார். தங்கள் உறவினரைக் காப்பாற்றும் ஒரே எண்ணம் இருவருக்கும் இருந்திருக்கலாம், முன்கூட்டிய ஒத்திசைவு நிரூபிக்கப்படவில்லை என்று பிரிவி கவுன்சில் மஹ்பூப் ஷாவின் கொலைத் தண்டனையை ரத்து செய்தது. பாண்டுரங் வழக்கில் (1955) உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே சமயம், ஒத்திசைவு நாள் கணக்கில் முன்பே ஏற்பட வேண்டியதில்லை. சம்பவ இடத்தில் அந்தக் கணத்திலேயேகூட உருவாகலாம். இந்த வினாவின் முடிச்சு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது.

முதலில் ஜெபின். மார்பில் உள்நோக்கத்தோடு குத்திய காயம் இயற்கையான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானது. கொல்ல நினைத்தானா என்று தனியே தேட வேண்டாம். அந்தக் காயத்தை ஏற்படுத்த நினைத்தானா என்பதே கேள்வி என்று விர்சா சிங் வழக்கு (1958) தீர்த்துவிட்டது. பிரிவு 101(இ) பொருந்தும், தண்டனை 103(1). திடீர்ச் சண்டை என்ற விதிவிலக்கு எடுபடாது. சதீஷ் திருப்பி ஒரு அடிகூட அடிக்கவில்லை. ஒருவர் பிடிக்க மற்றவர் குத்துவதைச் சண்டை என்று சொல்ல முடியாது.

அனிஷ் விஷயத்தில் இரு கட்டங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புறப்பட்டபோது இருந்த பொதுக்கருத்து காலை உடைப்பது மட்டும்தான். கத்தி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை அவன் அறிந்திருந்ததற்குச் சான்று இல்லை. எனவே தோள் குத்துவரை கொலைக்கான பொதுக்கருத்து அவனிடம் இருந்ததாகச் சொல்ல முடியாது. அதன்பிறகு நிலைமை மாறுகிறது. கத்தியைக் கண்ணால் பார்த்த பின்னும், விழப்போனவரைப் பிடித்து நிறுத்தி, "குத்துல" என்கிறான். மரணம் விளைவித்தது அதற்குப் பின் வந்த குத்து. வெறும் தூண்டுதல் வார்த்தையை மட்டும் நம்பி ஒருவரைக் கொலையில் சேர்க்க நீதிமன்றங்கள் தயங்கும், ஏனென்றால் அதை யார் மீதும் எளிதாக ஏற்றிச் சொல்லிவிடலாம். இங்கே வார்த்தையோடு கையும் சேர்ந்திருக்கிறது. ஆகவே 103(1), 3(5)-உடன் சேர்த்து. 3(5) தோற்றாலும், உடந்தையாளர் சம்பவ இடத்தில் இருந்தால் அவரே செய்ததாகக் கருதும் பிரிவு 54 மாற்று வாதமாக இருக்கிறது.

ஒரு சிறு மாற்றத்தை யோசித்துப் பாருங்கள். முதல் குத்தே மார்பில் விழுந்து அதுவே உயிரைப் பறித்திருந்தால், அனிஷின் பின்னால் வந்த வார்த்தைகள் அந்தக் குத்துக்கான பொதுக்கருத்தை உருவாக்காது. முடிந்துபோன செயலுக்குப் பின்னோக்கிக் கருத்து பிறக்காது. மருத்துவர் சாட்சியத்தைப் படிக்காமல் விடை எழுதத் தொடங்குபவர்கள் இங்கேதான் வழுக்கி விழுவார்கள்.

வினு பற்றித்தான் இருபக்க வாதமும் வலுவாக இருக்கிறது. அரசுத் தரப்பு சொல்லும்: இவன் பிடித்திருக்காவிட்டால் தோள் குத்து விழுந்திருக்காது, தாக்குதலே தொடங்கியிருக்காது. உண்மைதான். ஆனால் பிடித்தவர்கள் எல்லாரும் குத்தியவரின் கருத்தைப் பகிர்ந்தவர்கள் ஆகிவிடுவதில்லை. ராமாசிஷ் யாதவ் எதிர் பீகார் அரசு (1999) வழக்கில், இறந்தவரைப் பிடித்துக்கொண்ட இருவருக்கு, பின்னர் வந்து வெட்டியவர்களின் கொலைக் கருத்து இருந்ததாக அனுமானிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. அங்கேயாவது பிடித்தவர்கள் விலகியதாகச் சேதி இல்லை. இங்கே வினு கத்தியைக் கண்டதும் பிடியை விட்டான், விடு என்று கத்தினான். ஒருவரின் மனதை நேராகப் பார்க்க முடியாது, நடத்தையை வைத்துத்தான் அனுமானிக்க முடியும். அந்த நடத்தை கொலைக்கு எதிராகவே இருக்கிறது.

அதற்காக வினு விடுதலையாகிப் போக முடியாது. காலை உடைப்பதற்கு அவன் சம்மதித்து வந்தான், பிடித்தான், எலும்பு முறிந்தது. எலும்பு முறிவு கொடுங்காயம். எனவே 117(2), 3(5)-உடன். ஏழாண்டு வரை சிறை, அபராதம். கம்பின் பருமனைப் பார்க்கும்போது ஆபத்தான ஆயுதம் பற்றிய 118(2) வரை இழுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒரே செயலில் ஈடுபட்ட பலர் வெவ்வேறு குற்றங்களுக்குப் பொறுப்பாகலாம் என்று 3(9) வெளிப்படையாகவே சொல்வதால், ஒருவருக்கு 103, இன்னொருவருக்கு 117 என்பதில் முரண்பாடு இல்லை.

இன்னொரு வாதமும் வரலாம்: அஃப்ராஹிம் ஷேக் வழக்கில் (1964) மரணம் நேரக்கூடும் என்ற அறிவை அடிப்படையாகக் கொண்ட குற்றத்துக்கும் 34 பொருந்தும் என்றார்களே, வினுவைக் கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கான 105-இல் சேர்க்கலாமே என்று. அங்கே எல்லாரும் சேர்ந்து அடித்த அடிதான் மரணத்துக்குக் காரணம். இங்கே காரணம் கத்தி. கம்படி அல்ல. ஒப்பிட முடியாது.

சரி, ராஜன். பொதுக்கருத்தைத் தொடங்கி வைத்தவரே அவர்தான். ஆனாலும் உடல்ரீதியான வன்முறையில் 3(5)-ஐப் பொருத்த, சம்பவ இடத்தில் அல்லது செயலில் பங்கெடுக்கும்படியான தூரத்தில் இருக்க வேண்டும் என்பதே பொதுவான நிலை; ஸ்ரீகண்டையா வழக்கு (1955) இதைச் சொன்னது. தக்கலை வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு அது பொருந்தாது. அவர் தூண்டியதால் உடந்தையாளர். கொடுங்காயத்துக்கு 49, 117(2)-உடன் சேர்த்து; அதில் சந்தேகமில்லை.

கொலைக்கும் பொறுப்பாவாரா? இரண்டு பிரிவுகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தூண்டிய அதே செயல் எதிர்பாராத விளைவைத் தந்தால் 53. அதன் உதாரணமே கொடுங்காயம் விளைவிக்கத் தூண்டி ஆள் இறந்துபோவதுதான். மரணம் நேரக்கூடும் என்று அறிந்திருந்தால் கொலைக்கான தண்டனை. ஆனால் சதீஷ் கால் முறிவால் இறக்கவில்லை. நடந்தது வேறு செயல், எனவே 51. அந்த வேறு செயல் தூண்டுதலின் நிகழக்கூடிய விளைவாக இருக்க வேண்டும். நள்ளிரவுக் கொள்ளைக்கு ஆயுதம் கொடுத்து அனுப்பினால் கொலை நிகழக்கூடிய விளைவாகலாம் என்கிறது அந்தப் பிரிவின் உதாரணம். ராஜன் கொடுத்தது கம்பு, சொன்னது கால், குறித்த அளவு ஒரு மாதப் படுக்கை. ஒருவன் ரகசியமாகக் கத்தி கொண்டுவந்து மார்பில் குத்துவது இதன் நிகழக்கூடிய விளைவு என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஜெபின் எப்போதும் கத்தியோடு திரிபவன் என்பது ராஜனுக்குத் தெரிந்திருந்ததாகச் சாட்சியம் வந்தால் முடிவு மாறலாம். வினு அப்ரூவராக மாறி அப்படிச் சொன்னால், கூட்டாளியின் சாட்சியம் பாரதிய சாட்சிய சட்டம் 138-இன்படி ஏற்கத்தக்கதே. ஆனால் சுயேச்சையான ஆதாரத்தின் துணை இல்லாமல் அதை நம்பி ராஜனைக் கொலைக்குத் தண்டிப்பது பாதுகாப்பானதல்ல.

சுகுவுக்குப் பணம் வசூல் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அறியாமல் வண்டி ஓட்டுவது பங்கேற்பு ஆகாது. தபால் அலுவலகத்துக்கு வெளியே நின்றவருக்கு உள்ளே நடப்பது தெரியும், இவனுக்குத் தெரியாது. ஆனால் கொலையைப் பார்த்தபின், தப்பிக்கவைக்கும் எண்ணத்தோடு ஏற்றிப்போனது வேறு. குற்றவாளிக்குப் போக்குவரத்து வசதி செய்து கைதிலிருந்து தப்ப உதவுவதும் 2(13)-இன் வரையறைப்படி புகலிடம் தருவதுதான். பிரிவு 249(அ)-இன்படி, குற்றம் மரண தண்டனைக்குரியது என்பதால் ஐந்தாண்டு வரை சிறை, அபராதம். கத்தியைக் காட்டி மிரட்டப்பட்டதால் ஓட்டினேன் என்று அவன் சொன்னால், உடனடி மரண அச்சம் பற்றிய பொது விதிவிலக்கைப் பரிசீலிக்கலாம். தரப்பட்ட சங்கதிகளில் அப்படி எதுவும் இல்லை.