முதலில் போனவன் முதலில் வருவான்

கபடியில் ஒரு விதி உண்டு. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. அவுட்டாகி வெளியே போனவன் தானாக உள்ளே வர முடியாது. களத்தில் மிச்சம் இருப்பவர்கள் எதிரணியில் யாரையாவது அவுட் ஆக்கினால்தான் வரலாம். அப்போதும் நமக்கு வேண்டியவனைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொள்ள முடியாது; முதலில் போனவன்தான் முதலில் வருவான். அணியின் பெரிய ரைடருக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்புப் பொடியன் ஒருவன் அவுட்டாகியிருந்தால், பொடியன்தான் முதலில் உள்ளே வருவான். ரைடரைக் கொண்டுவர இன்னொரு ஆளைச் சாய்க்க வேண்டும். அதற்குப் பொடியனும் பிடிக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

போனஸ் கோட்டிலும் இதே கணக்குதான். எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் நின்றால், அந்தக் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டு வருகிற ரைடருக்கு ஒரு பாயிண்ட். ஆனால் அந்தப் பாயிண்டுக்கு யாரும் உள்ளே வர மாட்டார்கள். நம் பக்கம் மூன்று பேர்தான் மிச்சம் என்னும்போது போனஸ் எடுத்துப் பெயர் வாங்குவதா, தொட்டுவிட்டு வந்து வெளியே உட்கார்ந்திருப்பவனை எழுப்புவதா? பதினாறு வயதுப் பையன் பாடிக்கொண்டே, அந்த முப்பது விநாடிக்குள் இதை முடிவு செய்கிறான். சும்மா போனஸை மட்டும் பொறுக்கிக்கொண்டு வருகிறவனை வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னென்ன சொல்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் மாலை ஐந்தரைக்கு மேல் போனால் இதையெல்லாம் பார்க்கலாம். ஏரிக்கரையிலோ கோயில் திடலிலோ ஒரு களம். பதிமூன்று வயதிலிருந்து இருபத்தைந்து வயதுவரை ஒரே கிளப்பில் ஆடுவார்கள். பள்ளிக்கூட அணிக்கும் கிளப்புக்கும் பெரிய வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. பள்ளியில் ஒரே வயதுப் பிள்ளைகள். கேப்டன் யார் என்று பி.இ.டி. சார் சொல்லிவிடுவார். கிளப்பில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. சாயங்காலம் முதலில் வந்து கல் பொறுக்குகிறவன், தண்ணீர் தெளித்து மண்ணை அடக்குகிறவன், சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுகிறவன், எங்கே மேட்ச் என்று போன் போட்டு விசாரிக்கிறவன், ஆளுக்கு ஐம்பது ரூபாய் வசூலித்து நுழைவுக் கட்டணம் கட்டுகிறவன் என்று வேலைகள் கிடக்கின்றன. இரண்டு வருஷம் இதைச் செய்தவன் பேச்சை மற்றவர்கள் தானாகக் கேட்க ஆரம்பிப்பார்கள். ஆட்டத்தில் அவன் சுமாராகவே இருந்தாலும் சரி.

எடைப் பிரிவு மேட்ச்களில் இது இன்னும் நன்றாகத் தெரியும். அறுபது கிலோ மேட்ச் என்றால் எடை போடும் இடத்தில்தான் பாதி நாடகம் நடக்கும். அரைக் கிலோ கூடிப்போனவனை ஓடவிட்டு வியர்க்க வைப்பார்கள். அப்படியும் குறையாவிட்டால் அவனை உட்கார வைக்க வேண்டும். நல்ல ஆட்டக்காரன், கூட்டாளி வேறு. அவனிடம் போய், “மாப்ள, இன்னைக்கு நீ வெளிய இரு, பசங்களுக்குத் தண்ணி குடுத்துக்க” என்று சொல்ல வேண்டும். அவனும் முறைத்துக்கொண்டு போகாமல் கோட்டுக்கு வெளியே நின்று, “கார்னரு, கால எடு! கால எடு!” என்று கத்த வேண்டும். தலைமைப் பண்பு முகாம் என்று மண்டபத்தில் உட்கார வைத்துப் பவர்பாயிண்ட் காட்டுகிறவர்கள் ஒருநாள் எடை மிஷின் பக்கம் வந்து நிற்கலாம்.

கபடி என்றாலே ரைடர்தான் கண்ணுக்குத் தெரிவான். போஸ்டரில் அவன் படம்தான் பெரிதாக இருக்கும். ஆனால் களத்தை நடத்துகிறவன் பெரும்பாலும் கார்னரில் நிற்பான். தஞ்சை மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன் அப்படி ஒரு கார்னர் ஆட்டக்காரர். புரோ கபடியில் 2016-இல் பாட்னா அணி இரண்டாவது முறையாகக் கோப்பை வென்றபோது கேப்டன் அவர்தான். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். தமிழ் தெரியாத பையன்கள்கூட அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர், தன்னில் பாதி வயதுப் பையனைப் பக்கத்தில் நிறுத்தி, எப்போது பாய வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும் என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள்.

கார்னரும் அவனை அடுத்த ஆட்டக்காரனும் கையைக் கோத்து நிற்பதற்குச் செயின் என்று பெயர். ஒருவன் பதறிப்போய் முன்னால் பாய்ந்தால் மற்றவனும் இழுபட்டுப் போவான். இரண்டு பேருமே காலி. புதுப் பையன் செய்கிற முதல் தப்பு இதுதான். ரைடர் சும்மா கையை நீட்டிப் போக்குக் காட்டுவான், இவன் பாய்ந்துவிடுவான். கூட நின்றவன் அப்போது திட்டினால், பையன் அடுத்த ரைடில் பயந்து கையை விட்டுவிடுவான். விவரமான கார்னர் ஒன்றும் சொல்லாமல் மறுபடி கையை நீட்டுவான். திட்டுவதெல்லாம் மேட்ச் முடிந்து டீக்கடையில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் நடக்க வேண்டுமானால் பெரியவர்கள் கொஞ்சம் எட்டி நிற்க வேண்டும். பரிசுத்தொகை ஏற ஏற, மேட்ச் நடத்துகிறவர்களுக்கும் கிளப்புக்குச் செலவு செய்கிறவர்களுக்கும் ஆசை ஏறிவிடுகிறது. வெளியூரிலிருந்து காசு கொடுத்து ஆளை இறக்கி, ஊர்ப் பையன்களை வெளியே உட்கார வைக்கிறார்கள். கோப்பை வரும், அடுத்த வருஷம் கோடு போட ஆள் இருக்காது. பனியனில் சாதிப் பெயரையோ சாதித் தலைவர் படத்தையோ அச்சடித்துக் கொடுப்பது அதைவிட மோசம். பதினைந்து வயதில் பக்கத்துத் தெருப் பையனோடு கைகோத்து நிற்கக் கிடைத்த ஒரே இடத்தையும் அடைத்துவிடுகிறார்கள். எந்தத் தெருப் பையன்கள் களத்துக்குள் வருகிறார்கள், எந்தத் தெருப் பையன்கள் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று பார்த்தாலே அந்த கிளப்பின் லட்சணம் தெரிந்துவிடும்.

பெண் பிள்ளைகள் விஷயம் தனி. பத்தாம் வகுப்பு வந்ததும் ஆட்டத்தை நிறுத்திவிடும் வீடுகள் இன்றும் நிறைய. படிப்பு என்பார்கள், உண்மையில் இருட்டின பிறகு திடலிலிருந்து வீட்டுக்கு எப்படி வருவாள் என்ற பயம். சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் துணைக் கேப்டன். நகரத்துக்குள் இருந்த குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்த குடியிருப்பு அது. பேரைச் சொன்னாலே முகம் சுளித்த ஊரின் பேரை இப்போது டிவியில் பெருமையாகச் சொல்கிறார்கள். அங்கே ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த அக்காமார்கள் கூட்டம் ஒன்று இருந்ததும், பயிற்சிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வர ஆள் இருந்ததும் அந்தப் பெண்ணின் திறமையளவுக்கே முக்கியம்.

ஊராட்சிகளில் விளையாட்டுச் சாமான் வாங்க ஒதுக்கும் பணத்தில் முதலில் திடலுக்கு இரண்டு விளக்கும் பெண்களுக்கு ஒரு கழிப்பறையும் கட்டித் தரலாம். மேட், கோப்பை, பனியன் எல்லாம் அதற்கப்புறம் வாங்கிக்கொள்ளலாம். கேப்டன் யார் என்பதை மட்டும் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். சண்டை போடுவார்கள், ஒரு வாரம் பேசாமல்கூட இருப்பார்கள். பொங்கல் மேட்ச்சுக்குப் பேர் கொடுக்கக் கடைசித் தேதி வந்ததும் அவர்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்.