கணினிப் பயன்பாடு, கடவுச்சொல்: பள்ளிப் பணியாளர்களுக்கான விதிமுறை

இந்த விதிமுறை நம் பள்ளியின் 26 ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள் அனைவருக்கும் பொருந்தும். பகுதிநேர ஆசிரியர்களும் பயிற்சிக்கு வந்திருப்பவர்களும் இதில் அடக்கம். ஆய்வகத்தின் 20 கணினிகள், அலுவலகத்தின் 3, ஆசிரியர் அறையின் 2, வகுப்பறைகளில் புரொஜெக்டரோடு இணைந்தவை, பள்ளி மின்னஞ்சல், மதிப்பெண் பதிவுத் தளம், வைஃபை ஆகியவற்றுக்கும், பள்ளி வேலைக்குப் பயன்படும் உங்கள் சொந்தக் கைப்பேசிக்கும் இது செல்லும். கல்வியாண்டின் முதல் வேலைநாளில் நடைமுறைக்கு வருகிறது.

ஒரு விதி உங்கள் வகுப்பு வேலைக்குக் குறுக்கே நின்றால் அதைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். கணினிப் பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பின்பற்ற முடியாத விதியைத் திருத்துவது எங்கள் வேலை.

1. கடவுச்சொல்

பள்ளி மின்னஞ்சலின் கடவுச்சொல் குறைந்தது 15 எழுத்துகள் இருக்க வேண்டும். பெரிய எழுத்து, எண், குறியீடு எதுவும் கட்டாயமில்லை. அவற்றைக் கட்டாயமாக்கினால் பெரும்பாலோர் முதல் எழுத்தைப் பெரிதாக்கி, கடைசியில் ஒரு எண்ணும் ஆச்சரியக்குறியும் சேர்ப்பார்கள். கடவுச்சொல்லை உடைக்கும் நிரல்கள் முதலில் முயல்வதே அந்த வடிவத்தைத்தான். நீளம்தான் உண்மையான காவல்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து எழுதுவது எளிய வழி. ஏதேனும் ஒரு தடித்த அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு நான்கு முறை திறந்து, விரல் பட்ட சொல்லை எடுங்கள். நாமாக யோசித்தால் வீடு, மரம், மழை என்று ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும் சொற்களே கிடைக்கும். வடிவம் இப்படி இருக்கும்:

```
kudai-nagam-padagu-uppu
```

இதே வரியை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. இந்தத் தாளைப் படித்த எல்லோருக்கும் அது தெரியும்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரு சிக்கல் வரும். ழகரத்தை zh என்று எழுதினோமா, l என்று எழுதினோமா என்பது இரண்டு வாரத்தில் மறந்துவிடும். ஒரே விதமாக மட்டும் எழுதக்கூடிய சொற்களையே எடுங்கள். கடவுச்சொல்லைத் தமிழ் எழுத்தில் வைக்க வேண்டாம். கணினி தொடங்கும் திரையில் தமிழ் விசைப்பலகை இல்லாவிட்டால் உள்ளேயே போக முடியாது. பாட்டு வரி, குறள் அடி, பழமொழி, பிள்ளைகளின் பெயர், பள்ளியின் பெயர், பிறந்த ஆண்டு எதுவும் கூடாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் பழைய வழக்கம் இந்த விதிமுறையோடு நீங்குகிறது. கட்டாயப்படுத்தினால் கடைசி எண்ணை 1-லிருந்து 2 ஆக்குவதே நடக்கும். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியும் காரணமின்றிக் காலமுறையில் மாற்றச் சொல்ல வேண்டாம் என்றே சொல்கிறது. இனி மூன்று சூழல்களில் மட்டும் மாற்றுங்கள்: வேறொருவருக்குத் தெரிந்துவிட்டால், போலிப் பக்கத்தில் தட்டிவிட்டால், அல்லது நாங்கள் மாற்றச் சொன்னால்.

பள்ளி மின்னஞ்சலின் கடவுச்சொல் வேறெங்கும் இருக்கக் கூடாது. இதில் மட்டும் விலக்கு கிடையாது. நீங்கள் எப்போதோ பதிவுசெய்த ஒரு கடைத் தளத்திலிருந்து பட்டியல் கசிந்தால், அதே மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் வேறு நூறு தளங்களில் நிரல்கள் தாமாகவே முயன்று பார்க்கும். உங்கள் கணக்கு மாட்டினால் உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் விவரம் அத்தனையும் மாட்டும்.

எல்லாவற்றையும் நினைவில் வைக்க முடியாது. கடவுச்சொல் பெட்டகச் செயலி பயன்படுத்துங்கள். பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி இரண்டில் எதுவும் சரி, இரண்டையும் பணம் கட்டாமல் பயன்படுத்தலாம். நிறுவ அரை மணி நேரம் ஆகும், பொறுப்பாசிரியர் உடனிருப்பார். செயலி வேண்டாம் என்பவர்கள் சிறு நோட்டில் எழுதி வீட்டிலோ பணப்பையிலோ வைக்கலாம், அது குற்றமில்லை. விசைப்பலகைக்கு அடியில், மேசை இழுப்பறையில், திரையின் ஓரத்தில் ஒட்டிய தாளில் இருக்கக் கூடாது.

2. இரண்டாம் படிச் சரிபார்ப்பு

மின்னஞ்சலுக்கும் மதிப்பெண் தளத்துக்கும் இது கட்டாயம். குறுஞ்செய்தியில் வரும் எண்ணைவிடக் கைப்பேசிச் செயலி காட்டும் ஆறு இலக்க எண் பாதுகாப்பானது. கைப்பேசியில் செயலி வைக்க விரும்பாதவர்களுக்குப் பள்ளி பாதுகாப்புச் சாவி என்னும், கணினியில் செருகும் சிறு கருவியை வாங்கித் தரும்.

இதில் அதிகம் தடுக்கி விழும் இடம், கைப்பேசி மாற்றும் நாள். புதியதில் செயலி வேலை செய்கிறதா என்று பார்க்காமல் பழையதை அழித்துவிடாதீர்கள். கணக்கு தரும் அவசரக் குறியீடுகளை முதல் நாளே அச்சிட்டு உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்திட்டு அலுவலகப் பெட்டகத்தில் கொடுங்கள். ஒவ்வொரு குறியீடும் ஒருமுறைதான் செல்லும்.

நீங்கள் உள்நுழையாத நேரத்தில் அனுமதி கேட்டுக் கைப்பேசி ஒலித்தால் மறுத்துவிட்டு உடனே சொல்லுங்கள். யாரோ உங்கள் கடவுச்சொல்லைத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

3. ஒருவர் கணக்கு ஒருவருக்கே

கடவுச்சொல்லைச் சக ஆசிரியரிடம் சொல்வது பெரும்பாலும் உதவும் எண்ணத்தில்தான் நடக்கிறது. ஒருவர் விடுப்பில் இருக்கிறார், வருகைப் பதிவு போட வேண்டும், கேட்டால் சொல்லிவிடுகிறார். அதனால் மாற்று ஆசிரியர்களுக்கென இரண்டு தனிக் கணக்குகள் வைத்திருக்கிறோம். அவற்றில் அன்றைய வகுப்பின் வருகைப் பதிவு மட்டும் தெரியும், மதிப்பெண் தெரியாது. அலுவலகத்தில் பெயர் எழுதிவிட்டு அன்றைய கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளுங்கள். மாலையில் அது மாற்றப்படும்.

பள்ளிக்கே ஒரு கணக்குதான் தரும் வெளித் தளங்கள் சில உண்டு. அவற்றின் கடவுச்சொல் அதிகபட்சம் மூன்று பேருக்குத் தெரியலாம். அதைப் பெட்டகச் செயலியின் பகிர்வுப் பிரிவில் வைப்போம். வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. மூவரில் ஒருவர் பொறுப்பு மாறினால் அன்றே மாற்றப்படும்.

பொறுப்பாசிரியரோ தலைமை ஆசிரியரோ உங்கள் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ ஒருபோதும் கேட்கமாட்டார்கள். கேட்டு ஒரு செய்தி வந்தால் அது போலி. மறந்துபோன கடவுச்சொல்லை நேரில் வந்தால் மட்டுமே மாற்றித் தருவோம்; தொலைபேசியில் குரல் பழக்கமானதாக இருந்தாலும் இல்லை.

4. பொதுக் கணினிகளில்

எழுந்து போகும்போது விண்டோஸ் விசையோடு L-ஐ அழுத்துங்கள். மறந்தால் அலுவலகக் கணினி 5 நிமிடத்திலும் ஆசிரியர் அறைக் கணினி 10 நிமிடத்திலும் தானாகப் பூட்டிக்கொள்ளும். வகுப்பறைக் கணினிக்கு 40 நிமிடம் வைத்திருக்கிறோம், பாடத்தின் நடுவே திரை அணைந்தால் அந்த அமைப்பையே யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். ஆகவே வகுப்பறையில் பூட்டுவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

உலாவி "கடவுச்சொல்லைச் சேமிக்கவா?" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். குரோம் உலாவிக்குள்ளேயே உங்கள் சொந்தக் கணக்கால் நுழைய வேண்டாம். ஒத்திசைவு இயங்கினால் வீட்டில் சேமித்த கடவுச்சொற்களெல்லாம் இந்தக் கணினிக்கும் வந்து சேரும், அடுத்து உட்காருபவர் அவற்றைப் பயன்படுத்த முடியும்.

புரொஜெக்டரை இணைக்கும் முன் மின்னஞ்சலையும் வாட்ஸ்அப் வெப்பையும் மூடுங்கள். ஒரு பெற்றோர் அனுப்பிய செய்தி மொத்த வகுப்பின் கண்ணில் பட்டால் அந்தப் பிள்ளைக்கு அது பெரிய வலி.

5. பிள்ளைகளின் விவரங்கள்

மதிப்பெண், உடல்நலக் குறிப்பு, வீட்டு முகவரி, பெற்றோர் எண், படங்கள் எல்லாம் பள்ளிக் கணக்கிலுள்ள பொதுக் கோப்பகத்தில் மட்டும் இருக்க வேண்டும். சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். வீட்டில் திருத்த வேண்டுமானால் வீட்டிலிருந்தே பள்ளிக் கணக்கில் நுழையலாம். இணைப்பு கிடைத்த யாரும் திறக்கலாம் என்ற பகிர்வு அமைப்பை முடக்கியிருக்கிறோம், பெயர் சேர்த்தே பகிர முடியும்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் முழு மதிப்பெண் பட்டியலைப் போடக் கூடாது. அவரவர் பெற்றோருக்குத் தனித்தனியே அனுப்புங்கள். பலருக்கு ஒரே மின்னஞ்சல் அனுப்பும்போது முகவரிகளை Bcc கட்டத்தில் இடுங்கள். Cc-யில் இட்டால் எல்லோர் முகவரியும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பாடக் கோப்புகளுக்குச் சொந்த பென் டிரைவ் வகுப்பறைக் கணினியில் செருகலாம், அலுவலகக் கணினிகளில் கூடாது. உங்கள் கோப்புறைகள் குறுக்குவழிப் படங்களாக மாறித் தெரிந்தால் அது வைரஸின் அடையாளம். ஒன்றையும் திறக்காமல் கழற்றிக் கொண்டுவாருங்கள். கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும்.

6. சொந்த வேலையும் மென்பொருளும்

இடைவேளையில் செய்தி படிப்பது, சொந்த மின்னஞ்சல் பார்ப்பது, பயணச் சீட்டு எடுப்பது தாராளமாகச் செய்யலாம். திருட்டு மென்பொருள், டோரண்ட், சூதாட்டம், ஆபாசம் கூடாது. புதிய மென்பொருள் வேண்டுமானால் பெயரையும் எந்தப் பாடத்துக்கு என்பதையும் எழுதிக் கொடுங்கள்; 2 வேலைநாளில் பதில் வரும், மறுத்தால் காரணமும் வரும்.

யார் எப்போது உள்நுழைந்தார், எந்தத் தளத்துக்குச் சென்றார் என்ற பதிவு 30 நாள் இருக்கும், பிறகு அழியும். உங்கள் அஞ்சலை யாரும் படிப்பதில்லை. தீவிரப் புகாரில் படிக்க நேர்ந்தால் தலைமை ஆசிரியரும் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து காரணத்தை எழுதிக் கையொப்பமிட்ட பிறகே திறக்கப்படும்.

7. தவறு நடந்துவிட்டால்

சந்தேகமான இணைப்பைச் சொடுக்கிவிட்டால் கணினியை அணைக்காதீர்கள். வலைக் கம்பியைக் கழற்றுங்கள் அல்லது வைஃபையை நிறுத்துங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் பொத்தானை அழுத்துங்கள். பிறகு பொறுப்பாசிரியரிடம் நேரிலோ தொலைபேசியிலோ சொல்லுங்கள், அவர் இல்லையென்றால் தலைமை ஆசிரியரிடம். பாடத்தின் நடுவில் இருந்தாலும் வகுப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அஞ்சல்களை வெளி முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஏதும் உங்கள் கணக்கில் ஒளிந்திருக்கிறதா என்று நாங்கள் பார்ப்போம். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அது வேலை செய்துகொண்டே இருக்கும்.

தானாக வந்து சொன்னவர் மீது, தவறு அவருடையதாகவே இருந்தாலும், நடவடிக்கை இல்லை. குறிப்பாணை, பணிப்பதிவுக் குறிப்பு எதுவும் வராது. தெரிந்தே மறைத்தாலும், தெரிந்தே பிள்ளைகளின் விவரத்தை வெளியே கொடுத்தாலும் ஒழுங்கு நடவடிக்கை உண்டு.

தலைமை ஆசிரியர் பெயரில் "கூட்டத்தில் இருக்கிறேன், அவசரமாக இதைச் செய்யுங்கள்" என்று பணமோ பட்டியலோ கேட்டு அஞ்சல் வந்தால், அவரது எண்ணில் அழைத்துக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். அழைத்துச் சரிபார்த்ததற்காக யாரும் கோபிக்கமாட்டார்கள்.

8. பணி விலகும்போது

கடைசி வேலைநாள் மாலை கணக்கு முடக்கப்படும். பாடக் கோப்புகளின் நகலை அதற்கு முன் எடுத்துக்கொள்ளலாம், பிள்ளைகளின் விவரங்களை அல்ல. கைப்பேசியிலிருந்து பள்ளி மின்னஞ்சலை அலுவலகத்தில் எங்கள் முன்னிலையில் நீக்குங்கள். பணியாளர் வைஃபையின் கடவுச்சொல்லும் அன்றே மாறும், புதியதை மற்றவர்களுக்கு ஆசிரியர் அறையில் நேரில் சொல்வோம்.

ஒப்புதல்

இந்த விதிமுறையைப் படித்தேன். புரியாத இடங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லமாட்டேன். ஏதேனும் தவறு நடந்தால் அன்றே தெரிவிப்பேன். எனக்கு ஒரு பிரதி தரப்பட்டது, கையொப்பமிட்ட மற்றொரு பிரதி அலுவலகத்தில் உள்ளது.