பொருள்: மூன்று மணி நேர சந்திப்புக்குப் பதில் 15 நிமிஷ போன் – புதன் (17-09-2025) காலை 9.15

வணக்கம் மேடம்,

வரி தணிக்கைக்காக வரும் வாரம் முதலாளியும் நானும் வேலூர் வந்து உங்களோடு அரை நாள் உட்காருவதாகப் பேச்சு. அது வேண்டாம். மூன்று பில்களுக்கு மட்டும் உங்கள் முடிவு தெரிந்தால் போதும். மீதி எல்லாம் முடிந்துவிட்டது. புதன் காலை 9.15க்கு நானே கூப்பிடுகிறேன், 9.30க்கு வைத்துவிடுகிறேன். புதன் தோதுப்படாவிட்டால் வியாழன் இரவு 8.30. "புதன்" அல்லது "வியாழன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரே சொல் அனுப்பினால் போதும்.

இதுவரை படித்தாலே போதும் மேடம். கீழே இருப்பது போனுக்கு முன்னால் ஒருமுறை கண்ணோட்டம் விட விரும்பினால் மட்டும்.

தேதியை யோசித்துத்தான் வைத்தேன். 15-ம் தேதி வரை தணிக்கை இல்லாதவர்களின் ரிட்டர்ன் நெரிசல், 20-ம் தேதி GSTR-3B. நடுவில் இருக்கும் நாலு நாள்தான் உங்களுக்கும் கொஞ்சம் மூச்சு விடக் கிடைக்கும். அதைத் தாண்டினால் 30-ம் தேதிக்குள் 3CD-யைக் கையெழுத்துக்குக் கொண்டுவருவது கஷ்டம். தவிர, பேரணாம்பட்டிலிருந்து குடியாத்தம் வழியாக வந்து போகவே எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆகிவிடும். முதலாளி எல்லா ஃபைலையும் மூட்டை கட்டி எடுத்து வரச் சொல்கிறார். வந்தால் டீ குடித்து, போன வருஷக் கதை பேசி, கடைசி பத்து நிமிஷத்தில்தான் விஷயத்துக்கு வருவோம். அவருக்கும் சொல்லிவிட்டேன், சரி என்றார்.

விஷயம் 43B(h). 31-03-2025 அன்று பாக்கி இருந்த, உத்யம் பதிவு உள்ள சப்ளையர்கள் 11 பேர். எட்டுப் பேர் கணக்கில் சந்தேகம் இல்லை: ஐந்து பேருக்குக் கெடுவுக்குள் பணம் போயிருக்கிறது, மூன்று பேருக்குத் தாமதம்; அந்தத் தொகையை இந்த வருஷச் செலவிலிருந்து நீக்கி ஷீட்டில் போட்டுவிட்டேன். யாரோடும் எழுத்து ஒப்பந்தம் கிடையாது, எங்கள் ஆர்டர் தாளிலும் கடன் நாள் எதுவும் எழுதவில்லை. அதனால் எல்லோருக்கும் 45 நாள் இல்லாமல் 15 நாள் என்றே கணக்கிட்டிருக்கிறேன். மிச்சம் மூன்று பேர்.

முதலாவது, தைப்பு ஜாப் வொர்க் யூனிட். ரூ. 3,46,500. இதுதான் பெரியது, இதற்கே ஏழெட்டு நிமிஷம் வேண்டும். அப்பர்கள் எங்களுக்கு வந்த நாள் 03-03-2025. எண்ணிப் பார்த்ததில் 412 ஜோடியில் பின்குதிகால் தையல் பிரிந்திருந்தது. இழுத்தால் நூல் கையோடு வருகிறது. 08-03-2025 அன்று எங்கள் சூப்பர்வைசர் ஐந்து போட்டோவோடு "இதை எடுத்துக்க முடியாது, திருப்பி அனுப்பறோம்" என்று அவர்களுக்கு வாட்ஸ்அப் போட்டார். மறுதையல் போட்டுத் திரும்பி வந்தது 24-03-2025. பணம் கொடுத்தது 07-04-2025.

சரக்கு வந்த நாளிலிருந்து எண்ணினால் கெடு 18-03-2025, அப்படியானால் தொகை முழுவதும் நீக்கம். பதினைந்து நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொன்னால், சப்ளையர் அந்தக் குறையைத் தீர்த்த நாள்தான் ஏற்பு நாள் என்று எம்.எஸ்.எம்.இ. சட்டம் சொல்கிறது. அந்தக் கணக்கில் கெடு 08-04-2025. நாங்கள் ஒரு நாள் முன்னாலேயே கொடுத்துவிட்டோம், நீக்கமே இல்லை. கேள்வி ஒன்றுதான்: அந்த வாட்ஸ்அப்பை "எழுத்தில் ஆட்சேபம்" என்று நீங்கள் ஏற்பீர்களா? திருப்பி அனுப்பிய டெலிவரி சலானும், அதில் அவர்கள் ஆள் போட்ட கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் மொத்தச் சரக்கில் 412 ஜோடிக்குத்தான் குறை. மீதிக்கு முதல் தேதியே பொருந்துமா, பில்லைப் பிரிக்க வேண்டுமா என்பதும் இதோடு வரும். பிரிக்கச் சொன்னால் ஜோடிக் கணக்கு கையில் தயாராக இருக்கிறது.

இரண்டாவது, ஆம்பூர் பசை வியாபாரி, ரூ. 1,92,400. உத்யம் சான்றிதழில் முக்கியத் தொழில் ட்ரேடிங் என்றிருக்கிறது. கீழே தயாரிப்புக்கும் ஒரு என்.ஐ.சி. எண் சேர்த்திருக்கிறார். ஹார்டனர் கலந்து கொடுக்கிறாராம், அதனால் தானும் தயாரிப்பாளர் என்கிறார். எங்களுக்கு வந்த பில்கள் எல்லாம் கம்பெனி சீலோடு வந்த டின்களுக்குத்தான். வியாபாரி என்று வைத்து வெளியே விட்டிருக்கிறேன். ஆம், இல்லை, ஒரு வார்த்தை.

மூன்றாவது, இன்சோல் போர்டு சப்ளையர். உத்யம் பதிவு 03-02-2025. பிப்ரவரி பில் ரூ. 47,500 தாமதம்தான், நீக்கிவிட்டேன். 17-01-2025 தேதி பில் ரூ. 71,250-ல்தான் குழப்பம்: சரக்கு வந்தபோதும் அவர் பதிவில் இல்லை, 15 நாள் கெடு முடிந்த 01-02-2025 அன்றும் இல்லை. நீக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

மூன்றும் சேர்த்து ரூ. 6,10,150. எங்களுடையது கூட்டு நிறுவனம் என்பதால் 30 சதவீதம் வரி, 4 சதவீதம் செஸ், ஏறத்தாழ ரூ. 1,90,000 இந்த வருஷம் கட்டுவதா, இல்லையா என்பது இதில் இருக்கிறது. பணம் எல்லோருக்கும் ஏப்ரலிலேயே கொடுத்துவிட்டதால், நீக்கினாலும் அடுத்த வருஷச் செலவில் திரும்பி வந்துவிடும். முதலாளிக்கு அதை விளக்கியாயிற்று, அதற்காக உங்கள் நேரம் போகாது.

இணைப்பில் இரண்டே பக்கம்: முதல் பக்கம் 11 பேர் பட்டியல், சந்தேகமான மூன்றும் மஞ்சளில். இரண்டாம் பக்கம் வாட்ஸ்அப் படம், சலான். போனில் திறந்து பெரிதாக்காமலே படிக்கும் அளவில் எழுத்து வைத்திருக்கிறேன். ஸ்டாக், தேய்மானம், டி.டி.எஸ். பற்றி உங்களிடம் எதுவும் கேட்க மாட்டேன். அவற்றை உங்கள் ஆபீஸ் ஆர்ட்டிகிள் தம்பியோடு பேசி முடித்துக்கொள்கிறேன்.

வீடியோ கால் வேண்டாம், சாதாரண போன்தான். மெஷின் சத்தம் கேட்காத இடத்தில் இருந்து பேசுவேன். பேச்சில் நான் ஒருவன்தான். 9.15க்கு நீங்கள் எடுக்க முடியாவிட்டால் திரும்பத் திரும்ப அடிக்க மாட்டேன், இரவு 8.30க்கு ஒருமுறை முயல்வேன். 9.30க்குள் முதல் கேள்வி மட்டும்தான் முடிந்தது என்றாலும் வைத்துவிடலாம். மற்ற இரண்டுக்கும் வாய்ஸ் மெசேஜ் போதும். நீங்கள் சொன்னதை அன்றைக்கே நாலு வரியில் எழுதி அனுப்புகிறேன், "சரி" என்று போட்டால் அதன்படி ஷீட்டைத் திருத்தி ஆபீசுக்கு அனுப்பிவிடுவேன்.

ஷீட்டைப் பார்த்ததும், இல்லை, நேரில்தான் பேச வேண்டும் என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள் மேடம், முதலாளியோடு வந்துவிடுகிறேன். இந்த போனையும் ஆலோசனையாகவே ஃபீஸ் பில்லில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவரிடம் கேட்டுவிட்டேன்.

நன்றி,
கணக்காளர், ஷூ அப்பர் யூனிட்
பேரணாம்பட்டு, 12-09-2025