சனிக்கிழமை ராத்திரி

பேரூர் தாண்டி ஆலாந்துறை வரைக்கும் ஞாயிறு அதிகாலையில் சைக்கிளில் போகலாம் என்று வகுப்பு நண்பர்கள் கூப்பிட்டபோது, கார்த்திக் சும்மா வேடிக்கைக்குத்தான் சரி என்றான். முந்தின ராத்திரி பதினொரு மணிக்குச் சாப்பிட்ட பரோட்டாவும் சால்னாவும் மாதம்பட்டி வருவதற்குள் நெஞ்சுக்கு ஏறிவிட்டன. மற்றவர்கள் பேசிக்கொண்டே மிதித்தார்கள். இவனுக்கு மூச்சுதான் வாங்கியது.

யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கே மூன்று இட்லியோடு சாப்பாட்டை முடித்துக்கொண்டான். மறுநாள் சைக்கிளில் திரும்பும் வழியில், வழக்கமான போண்டாவுக்குப் பதிலாக, சாலையோரத் தள்ளுவண்டியில் கம்பங்கூழ். மோர் கலந்து, சின்ன வெங்காயம் மிதக்க, பக்கத்தில் மொறுமொறுவென்று மோர்மிளகாய். வியர்த்த உடம்புக்கு அந்தக் குளிர்ச்சி அப்படிப் பிடித்துப்போனது. இரண்டாவது சொம்பும் வாங்கினான்.

வீட்டில் அம்மாதான் முதலில் கவனித்தாள். ஞாயிறு மத்தியானம் பிரியாணியை ஒரே தடவையோடு நிறுத்திவிட்டு வெள்ளரிக்காயை எடுத்தான்.

"ஏன் கண்ணு, உடம்புக்கு ஏதாச்சுமா?"

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன். அடுத்த வாரம் காருண்யா நகர் வரைக்கும் போறோம்."

"அப்போ நிலக்கடலை அவிச்சுத் தரேன். உன் கூட்டாளிகளுக்கும் சேர்த்துக் கொண்டு போ."