14-ஆம் எபிசோட் விவரக்குறிப்பு: பழையதும் மாற்றியதும்

அக்கா, கடல்பாசி வளர்ப்பைப் பற்றிய நம் பாட்காஸ்ட் எபிசோடை முழுக்கக் கேட்டுவிட்டு விவரக்குறிப்பைத் திருத்தி எழுதியிருக்கிறேன். எதை ஏன் மாற்றினேன் என்பதைப் புதியதற்குக் கீழே சொல்லியிருக்கிறேன். ஏற்பில்லாத இடத்தைக் குறித்து அனுப்புங்கள்.

பழையது:

எபிசோட் 14 – கடலின் கொடை
வணக்கம் நேயர்களே! இந்த வாரம் ஒரு அருமையான உரையாடலோடு வந்திருக்கிறோம். கடல் நமக்குத் தந்த கொடையைப் பற்றியும், நம் மண்ணின் உழைக்கும் பெண்களைப் பற்றியும் பல சுவாரசியமான தகவல்கள் இதில் உண்டு. பாசி நோய்க்கு மருந்து என்ன? கேட்டு மகிழுங்கள்! பிடித்திருந்தால் பகிருங்கள், சப்ஸ்கிரைப் செய்ய மறக்காதீர்கள்!

புதியது:

கடல்பாசி வளர்ப்பு: ஒரு மிதவையில் கடைசியில் கைக்கு வருவது எவ்வளவு?

ஒரு மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டினால், நல்ல பருவத்தில் 45 நாளில் 260 கிலோ அறுக்கலாம். ஆனால் விற்பனைக்குத் தேறுவது 20 கிலோ அளவுதான். மீதி எங்கே போகிறது?

முனைக்காட்டில், வடகடலில் கப்பாபைகஸ் பாசி வளர்க்கும் இரண்டு பெண்கள், மூங்கில் வாங்குவதிலிருந்து எடை போடுவதுவரை அந்தக் கணக்கைச் சொல்கிறார்கள். பாசி ஏன் வெளுத்து முறிகிறது, ஓரா மீனை எப்படித் தடுப்பது, வாடைக்கு முன் எதைக் கரையேற்றுவது என்பதும் உண்டு.

புதிதாக மிதவை போட நினைப்பவர்களும், அதற்காகக் குழுக்கடன் எடுக்கப்போகிறவர்களும் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். 41 நிமிடம்.

(00:00) பொறுக்கும் பாசியும் வளர்க்கும் பாசியும்
(06:40) மிதவை: மூங்கில், கயிறு, முடிச்சு
(17:15) வெளுப்பு, ஓரா, வாடை
(26:30) உலர்த்தலும் எடையும்
(33:05) தென்கடலில் ஏன் வளர்க்கக் கூடாது

இனி மாற்றங்களுக்கான காரணம்.

முதலில் தலைப்பு. "கடலின் கொடை" என்பது கேட்க நன்றாக இருந்தாலும் இந்தப் பாசிக்குப் பொருந்தாது. கப்பாபைகஸ் நம் கடலில் தானாக விளைந்ததல்ல. பிலிப்பைன்ஸ் வகை, ஜப்பான் வழியாக இந்தியாவுக்கு வந்து, 1995-இல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. எபிசோடின் கடைசி எட்டு நிமிடமும் அது வெளியிலிருந்து வந்த பாசி என்பதைப் பற்றித்தானே? தலைப்பில் கொடை என்று சொல்லிவிட்டு உள்ளே அதற்கு மாறாகப் பேசினால் கேட்பவர் குழம்புவார்.

"கடல்பாசி" என்று மட்டும் போடவும் தயங்கினேன். அந்தச் சொல்லைத் தேடுகிறவர்களில் பலர் நோன்புக்குச் செய்யும் கடல்பாசி இனிப்பைத் தேடுகிறார்கள். அது அகர். நம்மூரில் முங்கிப் பொறுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் எடுப்பது. கப்பாபைகஸ் தருவது காராஜீனன், வேறு பொருள். "வளர்ப்பு" என்ற ஒரு சொல் கூடினால் சமையல் குறிப்புத் தேடி வந்தவரும் ஏமாற மாட்டார், மிதவை போட நினைப்பவரும் தவறவிட மாட்டார். முதல் பகுதிக்குப் "பொறுக்கும் பாசியும் வளர்க்கும் பாசியும்" என்று பெயர் வைத்ததும் இதனால்தான்.

"எபிசோட் 14" என்பதைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டேன். எண்ணை `itunes:episode` என்ற இடத்தில் கொடுத்தால் போதும், செயலியே காட்டிவிடும். போன் திரையில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும். அந்த இடத்தை எண்ணுக்குக் கொடுக்க வேண்டாம். வணக்கத்தை எடுத்ததும் அதே காரணத்துக்காக. பட்டியலில் விவரக்குறிப்பின் முதல் இரண்டு மூன்று வரிகள்தான் தெரிகின்றன. பழையதில் அந்த வரிகளைப் படித்தவருக்குப் பேச்சு பாசியைப் பற்றியா மீனைப் பற்றியா என்றே தெரியாது.

முதல் பத்தியின் எண்களை ஒலிப்பதிவோடு சரிபார்த்தேன். 12 அடிக்கு 12 அடி மிதவை, 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம்: 60 கிலோ. அறுத்த 260-இல் 60 கிலோ அடுத்த நடவுக்கு விதையாகத் திரும்பிவிடும். மிஞ்சும் 200 கிலோ காய்ந்தால் பத்தில் ஒரு பங்கு. கழித்தலை விவரக்குறிப்பிலேயே போட்டுவிடலாமா என்று யோசித்தேன். மணல் ஒட்டினாலும் ஈரம் நின்றாலும் அந்த 20 கிலோவுக்கும் முழு விலை கிடைக்காது, அதை அவர்கள் வாயால் கேட்டால்தான் புரியும். அதனால் கேள்வியாகவே விட்டேன். "நல்ல பருவத்தில்" என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். அது இல்லாவிட்டால் 260 கிலோ உறுதி என்று படித்து ஒருவர் கடன் வாங்கிவிடுவார்.

ரூபாய்க் கணக்கு எதுவும் போடவில்லை. விலை மாறிக்கொண்டே இருக்கும், விவரக்குறிப்போ பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும்.

"பாசி நோய்க்கு மருந்து" என்ற வரி கட்டாயம் போக வேண்டும். எபிசோடில் மருந்தே இல்லை. வெயிலில் நீர் சூடாகி, அல்லது மழையில் உப்பு குறைந்து, நீரோட்டமும் நின்றால் பாசி நலிகிறது; நுண்ணுயிர்கள் அதன் பிறகுதான் ஏறுகின்றன. அவர்கள் செய்வதாகச் சொல்வது இரண்டே வேலை: வெளுத்த கிளைகளை நறுக்கி எறிவது, மிதவையை ஓட்டமுள்ள இடத்துக்கு நகர்த்துவது. மருந்து என்று சொல்லி அழைத்தால் கேட்பவர்கள் 17-ஆவது நிமிடத்தில் கோபத்தோடு போய்விடுவார்கள். "வெளுப்பு" என்றால் பாசிக்காரர்களுக்கு உடனே தெரியும். ஓராவும் அப்படித்தான், தளிரைக் கொறிக்கும் மீன், அதற்காகத்தான் மிதவைக்கு அடியில் வலை கட்டுகிறார்கள்.

கடைசிப் பகுதிக்கு நீங்கள் சொன்ன "அரசின் தடை" என்ற பெயரை மாற்றியிருக்கிறேன். தடை என்று மட்டும் சொன்னால் பாசி வளர்ப்பே கூடாது என்று ஆகிவிடும். தென்கடலான மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் தேசியப் பூங்கா இருக்கிறது. குருசடைத் தீவருகே இதே பாசி பவளப்பாறைமேல் படர்ந்து மூடியது பதிவாகியிருக்கிறது. பேச்சு அதைப் பற்றியது. வடகடல், தென்கடல் என்ற சொற்களை அப்படியே விட்டேன், கரையில் யாரும் பாக் விரிகுடா என்று பேசுவதில்லை.

அந்த இரண்டு அக்காக்களின் பெயரைப் போடவில்லை. ஊர்ப் பெயர் போதும் என்று பதிவின் தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டார்கள்.

நீளத்தைப் பொறுத்தவரை, ஆப்பிளில் எல்லை பைட் கணக்கில்தான், எழுத்துக் கணக்கல்ல. தமிழில் "பா" ஒன்றே 6 பைட் பிடிக்கும், ஆங்கில எழுத்துக்கு 1. புதியது தாராளமாக உள்ளே அடங்குகிறது. நன்றி வரிகள் சேர்ப்பதானால் நேரப் பட்டியலுக்குக் கீழே சேருங்கள்.

வாட்ஸ்அப் குழுக்களுக்கு:

பாசி மிதவை போடப் போறீங்களா? 260 கிலோ அறுத்தா விற்க 20 கிலோதான் நிக்கும். ஏன்னு முனைக்காட்டுப் பெண்கள் ரெண்டு பேர் சொல்றாங்க. அவசரம்னா 26:30-லருந்து கேளுங்க.

ஒரு வேலை பாக்கி. தொடக்க இசையை நீட்டப் போவதாகத் தம்பி சொன்னான். நீட்டினால் முதல் நேரம் தவிர மற்ற நான்கும் அதே அளவு தள்ளிப் போகும், வாட்ஸ்அப் வரியில் உள்ளதும் சேர்த்து. முடிந்த ஒலிக்கோப்பு கைக்கு வந்ததும் நேரங்களைத் திருத்தித் தருகிறேன், அதுவரை ஏற்ற வேண்டாம்.