ரிட்டர்ன் அதிகம் என்று முடக்கிய கணக்கை ஆள் வைத்துப் பரிசீலிக்க வேண்டுகோள்

குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். நான் குலசேகரத்திலிருந்து எழுதுகிறேன். 4417 என்று முடியும் மொபைல் எண்ணில் உள்ள கணக்கு என்னுடையது. மிக்சிக்கு 3,499 ரூபாய், ஸ்கூல் பேக்குக்கு 1,150 ரூபாய், ஆக 4,649 ரூபாய் எனக்கு வர வேண்டும். மிக்சியை அக்டோபர் 14 அன்றும் பேக்கை 16 அன்றும் உங்கள் ஆட்களே வந்து எடுத்துப் போனார்கள். 21ஆம் தேதி, கணக்கில் ரிட்டர்ன் அதிகம், ரீஃபண்ட் கிடையாது என்று மெசேஜ் வந்தது. இப்போது பொருளும் என்னிடம் இல்லை, பணமும் இல்லை.

சாட்டில் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் எழுத்து மாறாமல் அதே பதில். அதனால்தான் ஒரு மனிதர் உட்கார்ந்து என் ஆர்டர்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன்.

கடந்த 14 மாதங்களில் 38 ஆர்டர். திரும்பிப் போனவை 9. இதில் மூன்றை நான் திருப்பி அனுப்பவே இல்லை. எங்கள் பக்கம் 'விளை' என்று முடியும் ஊர்ப் பெயர்கள் அடுத்தடுத்து உண்டு. புதிதாக வரும் கொரியர் பையன் வழி தெரியாமல் போனால், 'வாடிக்கையாளர் வாங்க மறுத்தார்' என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார். அந்த மூன்று நாளும் எனக்கு ஒரு போன் கூட வரவில்லை. உங்கள் அழைப்புப் பதிவைப் பார்த்தாலே தெரியும்.

நான்கு, பொருளில் இருந்த குறை. மிக்சி ஜார் விரிசலோடு வந்தது, பெட்டி பிரித்த வீடியோவை இணைத்திருக்கிறேன். பேக்கின் ஜிப் முதல் நாளே பிய்ந்தது. குக்கரில் கைப்பிடி உடைந்திருந்தது. ஓணத்துக்கு அம்மாவுக்குத் தங்க ஜரிகைக் கசவுக் கரை போட்ட நேரியது மேல்துணி கேட்டால் பச்சைக் கரை வந்தது. மீதி இரண்டு செருப்பு, அளவு தப்பாகப் போட்டது நான்தான். அதை ஒத்துக்கொள்கிறேன்.

எந்தெந்த ஆர்டரை ரிட்டர்ன் என்று என் கணக்கில் எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். கொரியர் திருப்பிய மூன்றையும் கழித்துவிட்டு மறுபடி பாருங்கள். இனி என் வீட்டு வாசலிலேயே பெட்டியைப் பிரித்துக் காட்டித் தருவதானால் எனக்குச் சம்மதம். ஆனால் எடுத்துக்கொண்டு போன பொருளுக்குப் பணம் தராமல் இருப்பது சரியல்ல. மறுத்தே தீருவதென்றால் மிக்சியையும் பேக்கையும் திருப்பி அனுப்புங்கள், காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதுவரை காத்திருக்கிறேன். அப்புறமும் பதில் இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன், அங்கேயும் தீராவிட்டால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

பிக்கப் ரசீதுகள், வீடியோ, 21ஆம் தேதி மெசேஜின் ஸ்கிரீன்ஷாட் இணைப்பில் உள்ளன. பேச வேண்டுமானால் மாலை ஐந்து மணிக்கு மேல் அழையுங்கள். பகலில் ரப்பர் தோட்டத்துக்குள் சிக்னல் கிடைக்காது.

இப்படிக்கு,
கணக்கின் உரிமையாளர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்